சிந்தாமணியைக் கேட்டு ஒரு மின்னஞ்சல்

"ஐயா, நான் பிஎச்.டி. செய்கிறேன். சீவக சிந்தாமணி முதல் பதிப்பு தேவைப்படுகிறது. பிடிஎஃப் அனுப்பி உதவவும். மிக அவசரம்."

அரிய நூல்களைப் பாதுகாக்கும் நூலகங்களுக்கு இந்த மாதிரி மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதியவரிடம் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனாலும் இதைப் படிக்கும் நூலகரால் அடுத்து ஒரு வேலையும் செய்ய முடியாது. அவர் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: நூறாண்டு கடந்த அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுப்பதா, வேண்டாமா? அந்தத் தீர்மானத்துக்கு உதவும் ஒரு சொல்கூட இந்தக் கடிதத்தில் இல்லை.

முதலில், எந்த முதல் பதிப்பு? கும்பகோணம் கல்லூரி ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், 1880இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, சிந்தாமணி ஏடுகளைத் தேடத் தொடங்கி, 1887இல் நூல் முழுவதையும் அச்சிட்டார். பெரும்பாலோர் மனத்தில் இருப்பது இந்தப் பதிப்புதான். ஆனால் 1868இலேயே எச். பவர் என்ற பாதிரியார், முத்தையா பிள்ளையின் துணையோடு, அதன் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சில் கொண்டுவந்திருந்தார். ஐயரின் பதிப்பே 1907இல் இரண்டாம் முறை திருத்தத்துடன் வந்தது. ஆக, "முதல் பதிப்பு" என்று மட்டும் எழுதினால் நூலகர் எதை எடுத்துவருவது?

ஆண்டைக் குறிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அக்காலப் புத்தகங்கள் பலவற்றின் முகப்பில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருக்கும். சர்வஜித்து என்றால் 1887 சித்திரையில் தொடங்கி 1888 பங்குனியில் முடியும் ஆண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் 1947உம் சர்வஜித்துதான். தாளையும் எழுத்துருவையும் பார்த்தவருக்கு இரண்டும் குழம்பாது. பட்டியலை மட்டும் பார்த்துக் கேட்பவர், முகப்பில் உள்ளபடி தமிழ் ஆண்டையும் தாம் கணித்த ஆங்கில ஆண்டையும் சேர்த்தே எழுதிவிடுவது நல்லது.

பட்டியலில் தேடுவதும் அத்தனை எளிதில்லை. பெரிய நூலகங்கள் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் ஒரு குறிப்பிட்ட முறைப்படி பதிகின்றன. சிந்தாமணி அங்கே `Cīvakacintāmaṇi`. அதை `Jeevaka Chintamani` என்று தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். "தேடினேன், கிடைக்கவில்லை" என்று எழுதும் மாணவர்களில் சிலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பட்டியலில் கண்ட வரியையும் நூல் எண்ணையும் அப்படியே நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டிவிட்டால், நூலகருக்கு அரைமணி நேரத் தேடல் மிச்சம்.

இனி மூலப் புத்தகத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்த் தாள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. மை ஊறாமலிருக்க அதில் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். அந்தச் சேர்க்கை காலப்போக்கில் அமிலத்தன்மையை வளர்த்து, தாளின் நார்களை உள்ளிருந்தே அரிக்கிறது. நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன. அப்படிப்பட்ட தாளின் மூலையை ஒருமுறை மடித்தால் அப்பளம் போல ஒடிந்துவிடும். அதனால் ஸ்கேனோ நுண்படச்சுருளோ இருந்தால் நூலகர் முதலில் அதைத்தான் நீட்டுவார். அது தட்டிக்கழித்தல் ஆகாது. புத்தகத்தின் மிச்ச ஆயுளைக் கணக்குப் போட்டு நடத்துவது அவர் வேலை.

அந்தப் படத்தைத் தாண்டி மூலம்தான் வேண்டும் என்றால் காரணம் சொல்ல வேண்டும். பாடல் வரிகளை ஒப்பிட ஸ்கேனே போதும். ஸ்கேனில் தவறிப்போகிறவை வேறு. பழைய புத்தகத்தைப் புதிதாகக் கட்டியவர் மெல்லிய மேலட்டையைக் கழித்துக்கட்டியிருப்பார். விலையும் விற்குமிடமும் சில வேளைகளில் அந்த அட்டையில் மட்டுமே இருக்கும். பிழையான சொல்லின் மேல் ஒட்டிய சிறு திருத்தச்சீட்டு, படத்தில் அச்செழுத்தோடு எழுத்தாகத் தெரியும். தையலில் ஒரு தாள் குறைந்திருக்கிறதா என்பதைப் புத்தகத்தைக் கையில் வைத்துத்தான் சொல்ல முடியும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், பழந்தமிழ் நூல்கள் அச்சேற யார் பணம் கொடுத்தார்கள் என்று ஆராயும் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிந்தாமணி, பலரிடம் கையொப்பம் பெற்று, அவர்கள் தந்த ஆதரவால் அச்சான நூல். அவர் எழுத வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பொருள்: சீவகசிந்தாமணி, உ.வே.சாமிநாதையர் பதிப்பு, 1887: மூலப்படியை நேரில் பார்க்க அனுமதி வேண்டி.

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு, வணக்கம். நான் தமிழ்த் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புகளுக்குக் கையொப்பமிட்டு உதவியவர்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். தங்கள் பட்டியலில் மேற்கண்ட நூல் உள்ளது. நூல் எண்ணைக் கீழே தந்துள்ளேன். இணையத்தில் கிடைத்த ஸ்கேனை முழுவதும் படித்துவிட்டேன். அதில் மேலட்டையும் கடைசித் தாள்களும் இல்லை. தங்கள் படியில் அவை உள்ளனவா, இருந்தால் அவற்றில் உதவியவர் பெயர்களோ விலையோ அச்சாகியுள்ளனவா என்பதை அறிய விரும்புகிறேன். முகவுரைக்கு முந்தைய பக்கங்களும் இறுதிப் பக்கங்களும் மட்டுமே தேவை. இரண்டு மணி நேரம் போதும். அடுத்த மாதத்தின் முதல் இரு வாரங்களில் தங்களுக்கு வசதியான எந்த நாளிலும் வர இயலும். நூல் தொட இயலாத நிலையில் இருந்தால், அந்தப் பக்கங்களை மட்டும் படமெடுத்துத் தர இயலுமா, கட்டணம் எவ்வளவு எனத் தெரிவிக்க வேண்டுகிறேன். நெறியாளரின் கடிதத்தை இணைத்துள்ளேன்."

இதில் பணிவுச் சொற்கள் குறைவு, தகவல் அதிகம். நூலகருக்கு மிகவும் பிடிக்கக்கூடிய வரி, புத்தகம் முழுவதும் வேண்டாம், முன்னும் பின்னும் சில தாள்கள் போதும் என்பது. அப்படியானால் நடுப்பகுதியை யாரும் புரட்டப்போவதில்லை. அவரே எடுத்துப் பார்த்து, "கடைசித் தாள் எங்கள் படியிலும் இல்லை" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம். மாணவிக்குப் பயணச் செலவு மிச்சம்.

இந்த நூலைப் பொறுத்தவரை காப்புரிமையை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. ஐயர் 1942இல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கழிந்ததும் உரிமை முடிந்துவிடும். என்றாலும் படமெடுக்கவும், எடுத்த படத்தை ஆய்வேட்டில் அச்சிடவும் நூலகம் தனி விதி வைத்திருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனியே கேட்டுவிடுவது நல்லது. படிக்கத் தந்த அனுமதி அச்சிடத் தந்ததாகாது என்பது, ஆய்வேடு கட்டுக்குப் போன பிறகு பலருக்குத் தெரியவருகிறது.

பதில் "இல்லை" என்று வந்தால் இன்னொரு வாசலும் இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, அச்சான நூல்களின் படிகளை அரசிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றின் பட்டியலை வெளியிட்டது. எத்தனைப் படி அச்சானது, விலை என்ன என்பதெல்லாம் அதில் பதிவாயின. அந்த ஏற்பாட்டின் வழியே லண்டன் சென்ற தமிழ்ப் புத்தகங்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மாணவி தம் கடிதத்தின் இரண்டாம் பத்தியை மட்டும் மாற்றி, நூல் எண்ணைப் புதிதாகப் போட்டு, அங்கே அனுப்பலாம்.