டிவிக்குப் பின்னால் ஒரு வெள்ளை வெளிச்சம்

அறை விளக்கை அணைத்துவிட்டு ‘ரெசிடென்ட் ஈவில்’ போன்ற இருட்டு விளையாட்டுகளை இரவு நெடுநேரம் ஆடுபவர்களுக்குக் கண் எரிச்சலும் நெற்றிப்பொட்டு வலியும் பழகிப்போனவை. இருட்டுக்குத் தக்கபடி கண்பாவை அகலமாக விரிந்திருக்கும். இருண்ட தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு கதவு திறந்து திரை முழுக்க வெயில் பாய்ந்தால், பாவை சட்டென்று சுருங்கியாக வேண்டும். அடுத்த நிமிடமே மறுபடி இருட்டு, மறுபடி விரிவு. மூன்று மணி நேர ஆட்டத்தில் இது ஓயாமல் நடக்கிறது.

டிவிக்குப் பின்சுவரில் மங்கலான வெள்ளை வெளிச்சம் ஒன்று நிலையாக இருந்தால், கண்ணுக்கு எப்போதும் ஓர் அடிப்படை வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. பாவை அவ்வளவு தூரம் ஏறி இறங்க வேண்டியதில்லை. இதைத்தான் பயாஸ் லைட்டிங் என்கிறார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. எல்சிடி டிவிகளில் இருட்டறையில் சாம்பலாகத் தெரியும் கறுப்பு, சுவர் வெளிச்சத்தின் பக்கத்தில் நல்ல கறுப்பாகத் தெரியும்.

55 அங்குல டிவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர், உயரம் 68. எல்இடி ஸ்ட்ரிப்பை முதுகுப்புறத்தில், விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒட்ட வேண்டும். டிவி மேஜைமேல் நின்றால் இடம், மேல், வலம் என்று மூன்று பக்கம் போதும். கீழ்ப்பக்கமும் ஒட்டினால் மேஜைப் பரப்பு பளபளத்துக் கண்ணை இழுக்கும். மூன்று பக்கத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 2.3 மீட்டர் ஸ்ட்ரிப் ஆகும். டிவிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் வெளிச்சம் சீராகப் பரவும். சுவரோடு ஒட்டி மாட்டிய டிவியில் பரவ இடமில்லாமல் புள்ளி புள்ளியாக விழும். அங்கே ஸ்ட்ரிப்பை இன்னும் உள்ளே தள்ளுங்கள். காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது நிறத்தில்தான். படங்களும் விளையாட்டுகளும் 6500 கெல்வின் வெள்ளையை அளவுகோலாகக் கொண்டே உருவாக்கப்படுகின்றன. சுவர் வெளிச்சமும் அதே வெள்ளையாக இருக்க வேண்டும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கை வைத்தால் கண் அந்த மஞ்சளுக்குப் பழகி, திரை நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். வண்ணம் மாறும் ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பில் மூன்று நிறங்களைக் கலந்து வரும் வெள்ளை பெரும்பாலும் ஊதாவோ பச்சையோ கலந்திருக்கும். வெள்ளை மட்டும் தரும், 6500 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல் என்று அச்சிட்ட ஸ்ட்ரிப்பே என் தேர்வு.

சரியான ஸ்ட்ரிப்பை ஒட்டியும் சுவர் மஞ்சளாகத் தெரிகிறதா? விளக்கைக் குறை சொல்லும் முன் டிவியைப் பாருங்கள். கேம் மோடில் பல டிவிகள் நீலச் சாயலோடுதான் கடையிலிருந்து வருகின்றன. கலர் டெம்பரேச்சரை Warm என்ற பக்கம் மாற்றி, திரையில் வெறும் வெள்ளைப் படத்தைப் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் பொருந்தவில்லை என்றால் சுவரின் பெயின்ட்தான் காரணம். வெளிர்பச்சைச் சுவர் எந்த வெள்ளையையும் பச்சையாக்கிவிடும். டிவிக்குப் பின்னுள்ள பகுதிக்கு மட்டும் வெள்ளையோ சாயலற்ற சாம்பலோ அடித்தால் தீர்ந்தது.

பிரகாசம், திரையின் முழு வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். போன் கேமராவின் ப்ரோ மோடில் இதைச் சோதிக்கலாம். ஐஎஸ்ஓவை மாற்றாமல், வெள்ளைத் திரையை 1/100 நொடியில் எடுத்து, சுவரை 1/10 நொடியில் எடுங்கள். இரண்டு படமும் ஒரே அளவு வெளிச்சமாக வந்தால் சரி. சுவர் தூக்கலாக வந்தால் டிம்மரைக் குறையுங்கள். குறைத்த பிறகு ஸ்லோமோஷனில் ஒருமுறை படம்பிடித்துப் பாருங்கள். சுவரில் பட்டை பட்டையாகத் துடிப்பு தெரிந்தால் அந்த டிம்மர் மலிவானது, மாற்றிவிடுங்கள். துடிக்கும் விளக்கே சிலருக்குத் தலைவலி தரும்.

மின்சாரத்துக்கு டிவியின் யுஎஸ்பி துளை வசதிதான், டிவியோடு சேர்ந்தே அணையவும் கூடும். ஆனால் சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். ஸ்ட்ரிப் அதற்குமேல் கேட்டால் கடைசி முனை மங்கும். அப்போது தனி 5 வோல்ட் அடாப்டர் போடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கண் வலித்தால், திரையின் பிரகாசத்தையே குறைக்க வேண்டும். கண்கூசும் திரைக்குச் சுவர் விளக்கு மருந்தாகாது.