சேலத்தில் ஓட்டம், மாசசூசெட்ஸில் கூட்டம்

அக்டோபர் மாதத்தில் இன்ஸ்டாகிராமில் #Salem என்று தேடிப் பாருங்கள். ஏற்காட்டையும் மாம்பழத்தையும் முந்திக்கொண்டு கூம்புத் தொப்பி போட்ட சூனியக்காரிகளும் முகம் செதுக்கிய பூசணிக்காய்களும் வந்து நிற்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது. 1692-ல் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டி மனிதர்களைத் தூக்கில் போட்ட ஊர் அது. அந்தப் பழியையே பிறகு சுற்றுலாவாக மாற்றிக்கொண்டார்கள். ஹாலோவீன் வருகிறதென்று அக்டோபர் முழுக்க அங்கே திருவிழாதான். போதாக்குறைக்கு, ஆரிகன் மாநிலத்தின் தலைநகருக்கும் சேலம் என்றே பெயர்.

இப்போது நம்முடைய சேலத்தில் ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஏழை நோயாளிகளின் டயாலிசிஸ் செலவுக்காக 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை நடத்தப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை, நண்பர்கள் சேர்ந்து நடத்துவது. ஐந்நூறு பேர் வந்தால் மகிழ்ச்சி. போஸ்டர் தயாராகும்போது குழுவில் ஒருவர் கேட்கிறார்: “ஹேஷ்டேக் என்ன போடலாம்?” சற்று நேரத்தில் ஆளுக்கு நாலாக வந்து குவிகின்றன. #Salem, #SalemRun, #SteelCityRun, #RunForACause, #Charity, #Fitness, #Motivation. எல்லாவற்றையும் போட்டுவிடுவோம், எது பலிக்கிறதோ பலிக்கட்டும் என்று முடிவாகிறது. பெரும்பாலான குழுக்களில் பேச்சு இத்தோடு முடிந்துவிடும்.

ஒரு ஊர் ஓட்டத்துக்கு ஹேஷ்டேக் செய்யக்கூடிய வேலை இரண்டுதான். ஓடியவர்கள் அவரவர் பக்கத்தில் போடும் படங்களை ஒரே இடத்தில் சேர்ப்பது ஒன்று. அந்த ஊரிலேயே இருந்தும் ஓட்டம் நடப்பது தெரியாதவர்களின் கண்ணில் படுவது இன்னொன்று. உலகத்தைத் திரட்டுவது இதன் வேலையே அல்ல. #Fitness வழியாக பிரேசிலில் ஒருவர் உங்கள் படத்துக்கு இதயம் போட்டால் நல்லதுதான், ஆனால் அவர் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் காந்தி ஸ்டேடியம் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால், குவிந்த பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

#Charity, #Motivation இரண்டும் கடல். அவற்றில் நிமிடத்துக்கு நிமிடம் புதுப் பதிவுகள் வந்து விழுகின்றன. அந்தப் பக்கங்களில் முதலில் தெரிவது ஏற்கெனவே நிறையப் பேர் பார்த்த பதிவுகள்தான். இருநூறு பேர் பின்தொடரும் கணக்கிலிருந்து போன படம் அங்கே ஒரு நொடிகூட மேலே நிற்காது. #RunForACause கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் அதை எல்லா நாட்டிலும் எல்லா நோய்க்கும் ஓடுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். #SteelCityRun உள்ளூர்ப் பெருமையில் வந்த யோசனை. உருக்காலை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் இதே பட்டத்தோடு நெடுங்காலமாக உலவுகின்றன, இரண்டு ஊரிலும் ஓட்டப் பைத்தியங்களுக்குக் குறைவில்லை. #SalemRun போட்டால் மூன்று சேலமும் ஒரே பந்தியில் உட்காரும். ஈரோட்டுக்காரர்களின் பாடு இதைவிட மோசம். #Erode-ஐத் தேடினால் மண்ணரிப்புப் படங்களும் கலந்து வர வாய்ப்புண்டு.

அப்படியானால் யாருக்கும் புரியாத சுருக்கெழுத்து தனித்துவமாக இருக்குமே என்று தோன்றும். #SDRF என்று வைத்தால் பேரிடர் மீட்புப் படையோடு மோதும். மோதாத சுருக்கமாகவே கிடைத்தாலும், ஓடி முடித்து மூச்சு வாங்க நிற்பவருக்கு நாலு எழுத்தின் வரிசை நினைவில் நிற்காது. பெயர் தனியாகவும் தெரியவேண்டும், காதில் கேட்டவுடன் தட்டச்சவும் வரவேண்டும். #OduSalem என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊர் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, எட்டே எழுத்து. ‘ஓடு’ என்பது தமிழ் என்பதால் மாசசூசெட்ஸ்காரர் தற்செயலாக அதைப் போட வழியில்லை. ‘மாம்பழ ஓட்டம்’ இதைவிட அழகான பெயர். ஆனால் ஆங்கில எழுத்தில் Mambazha, Maambazha, Mampazha என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், படங்கள் மூன்று பக்கமாகச் சிதறிப்போகும்.

முடிவு செய்வதற்கு முன் மூன்று சோதனை. இன்ஸ்டாகிராம், எக்ஸ் இரண்டிலும் தேடி, அந்தப் பெயரில் வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். தொலைபேசியில் ஒருவரிடம் பெயரை வாயால் மட்டும் சொல்லி, அவரை எழுதி அனுப்பச் சொல்லவேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாக அனுப்பினால் அந்தப் பெயர் வேண்டாம். மூன்றாவது, எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் சேர்த்து எழுதி, வேறு அர்த்தம் எதுவும் எட்டிப்பார்க்கிறதா என்று படிக்கவேண்டும். 2013 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் இறந்தபோது #nowthatchersdead என்ற ஹேஷ்டேக் பரவியது. சொல் பிரியும் இடம் தெரியாமல், பாடகி ஷேர் இறந்துவிட்டதாக நினைத்து அவருடைய ரசிகர்கள் சிலர் பதறிப்போனார்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாகப் போட்டிருந்தால் அந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது. #OduSalem என்றாலும் #odusalem என்றாலும் தேடலில் ஒன்றுதான். ஆனால் கண்ணுக்கும், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் முதலாவதுதான் வசதி.

பெயரோடு ஆண்டைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். வேண்டாம் என்பது என் கட்சி. #OduSalem2025 என்று வைத்தால் அடுத்த ஆண்டு பக்கம் மறுபடி காலியாகத் தொடங்கும். ஆண்டு இல்லாவிட்டால் போன வருடக் கூட்டமும் அங்கேயே இருக்கும். விளம்பரதாரரிடம் போகும்போது காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தமிழிலேயே #ஓடுசேலம் என்று வைத்தால் என்ன? தாராளமாக வைக்கலாம். இன்று இன்ஸ்டாகிராமும் எக்ஸும் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகவே ஏற்கின்றன. தொல்லை விசைப்பலகையில்தான். கைபேசியில் ‘ஓடு’ என்ற பரிந்துரையைத் தொட்டவுடன் அது தானாக ஓர் இடைவெளியைப் போட்டுவிடும். இடைவெளியோடு ஹேஷ்டேக் அறுந்துபோய், உங்கள் படம் வெறும் #ஓடு பக்கத்துக்குப் போய்விடும். சிறுகோடு போட்டாலும் இதே கதிதான். அடிக்கோடு மட்டும் அறுக்காது. ஓடவருகிறவர்களில் பெரும்பாலோர் எந்த எழுத்தில் தட்டச்சுகிறார்களோ அதை முதன்மையாக வைத்து, அமைப்பாளர்கள் தங்கள் பதிவுகளில் மட்டும் மற்றதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் சமமாக அறிவித்தால் படங்கள் இரண்டாகப் பிரியும்.

எத்தனை போடுவது என்பதற்கு விடை முன்பைவிட இப்போது எளிது. ஒரு பதிவுக்கு 30 வரை ஏற்றுக்கொண்டிருந்த இன்ஸ்டாகிராம், 2021-லேயே மூன்று முதல் ஐந்து போதும் என்று சொல்லத் தொடங்கிவிட்டது. நம் ஓட்டத்துக்கு நாலு: #OduSalem, ஊருக்கு #SalemTamilNadu, ஓடுகிறவர்களின் வட்டத்துக்கு #TamilNaduRunners, நோக்கத்துக்கு #KidneyCare. முதலாவது எல்லாப் பதிவிலும் கட்டாயம் இருக்கவேண்டும். மற்ற மூன்றும் பதிவுக்குத் தகுந்தபடி மாறலாம். ஓடும் பாதையைக் காட்டும் பதிவில் சிறுநீரகத்தைப் பற்றிய ஹேஷ்டேக்குக்கு வேலையில்லை. எக்ஸ் தளத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஃபேஸ்புக்கில் ஊரின் பெயரும் ஊர்க் குழுக்களும் செய்யும் வேலையை ஹேஷ்டேக் செய்வதில்லை, எனவே சொந்தப் பெயர் ஒன்று போதும். வாட்ஸ்அப்பில் அது வெறும் எழுத்துதான், தொட்டால் எங்கும் போகாது. ஆனால் சேலத்தில் பாதிச் செய்தி வாட்ஸ்அப்பில்தான் நகர்கிறது என்பதால், அங்கே சுற்றும் போஸ்டருக்குள் அது கண்ணில் படும்படி இருந்தாகவேண்டும்.

பதிவில் எங்கே வைப்பது? இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே ஓரிரு வரிகள் மட்டுமே தெரியும், மிச்சத்தைப் பார்க்கத் தொட்டு விரிக்கவேண்டும். அந்த இடத்தை ஹேஷ்டேக்குக்குக் கொடுப்பது வீண். தேதி, இடம், கட்டணம் அங்கே வரட்டும். ஹேஷ்டேக் கடைசி வரியில் இருந்தாலும் தேடலுக்கு ஒன்றுதான். அழகுக்காக அவற்றை முதல் கருத்துரையில் ஒளித்துவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தேடலில் கிடைக்கவேண்டுமானால் கருத்துரையில் போடாமல் படவிளக்கத்திலேயே போடுங்கள் என்று இன்ஸ்டாகிராமே 2021-ல் எழுதியது. பதிவுக்கான இணைப்பை அங்கே ஒட்டினாலும் தொடமுடியாது. கணக்கின் முகப்புக் குறிப்பில்தான் வைக்கவேண்டும். எக்ஸில் வாக்கியத்துக்குள்ளேயே புகுத்திவிடலாம்: ‘ஞாயிறு காலை #OduSalem, தண்ணீர் பாட்டிலை நீங்களே கொண்டுவாருங்கள்.’

திரைக்கு வெளியே வைக்கும் இடத்தைத்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். ஓடியவர் படம் போடும்போது ஹேஷ்டேக்கைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வரமாட்டார். கண்ணெதிரே இருந்தால் எழுதுவார், இல்லாவிட்டால் தோன்றியதை எழுதுவார். நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையில், எண்ணுக்குக் கீழே அச்சிடுவது முதல் தரம். அட்டை எல்லாப் படத்திலும் விழும். அடுத்தது, முடிவுக்கோட்டில் படமெடுக்க வைக்கும் ஃபிளெக்ஸ். அதில் ஹேஷ்டேக்கை விளம்பரதாரர் பெயர்களோடு அடியில் போட்டால், நாலு பேர் கூடி நின்றதும் மறைந்துவிடும். தலைக்கு மேலே வரும் உயரத்தில் இருக்கவேண்டும். அச்சகத்தில் இடம் போதவில்லையென்று #Odu ஒரு வரியிலும் Salem அடுத்த வரியிலுமாக உடைத்துவிடுவார்கள். பார்க்கிறவர் அதை இரண்டு சொல்லாகவே தட்டச்சுவார். அச்சுப் பிழை திருத்தும்போது இதை மட்டுமாவது ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஓட்டம் தொடங்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வதற்குச் செலவே இல்லை.

இவ்வளவு செய்தாலும் எல்லாப் படமும் வந்து சேராது. கணக்கைப் பூட்டி வைத்திருப்பவர்களின் படங்கள், ஹேஷ்டேக் சரியாக இருந்தாலும், அந்தப் பக்கத்தில் மற்றவர்களுக்குத் தெரியாது. பெண்கள் பலர் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். ஆகவே பக்கத்திலுள்ள படங்களை எண்ணி ‘இத்தனை பேர்தான் வந்தார்கள்’ என்று கணக்குப் போடக்கூடாது. ஹேஷ்டேக் ஆள் சேர்த்ததா என்று தெரியவேண்டுமானால், பதிவுப் படிவத்தில் ‘எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று ஒரு கேள்வி வைப்பதுதான் வழி. சேலம் மாதிரி ஊரில் நண்பர் சொன்னார், வாட்ஸ்அப் குழு என்ற விடைகளே முன்னால் வரும் என்பது என் ஊகம். அப்படி வந்தால் அடுத்த முறை ஆன்லைன் விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தை எண் அட்டைக்கும் தண்ணீருக்கும் திருப்பலாம்.

இன்னொன்று, ஹேஷ்டேக் என்பது திறந்த கதவு. சீருடையில் பள்ளிப் பெயரோடு ஓடும் குழந்தைகளின் படத்தையும், டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவரின் படத்தையும் அமைப்பாளர்கள் அதில் போடக்கூடாது. ஓட்டம் முடிந்த வாரத்திலேயே அதே #OduSalem-ல் வசூலான தொகையையும், அது எந்த மருத்துவமனைக்கு என்று கொடுக்கப்பட்டது என்பதையும் ரசீதோடு போட்டுவிடவேண்டும். ஓடியவர்கள் தங்கள் படத்தைப் பார்க்கத் திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்துக்கு வருவது அந்த ஒரு வாரம்தான்.