ஒளித்த தகவலும் எரிந்த சரக்கும்

சிவகாசியில் பட்டாசு ஆலைக்குத் தீ காப்பீடு கேட்டுப் போகிறவரிடம் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். புரொபோசல் படிவம் என்று பெயர். பெரும்பாலான முதலாளிகள் அதைப் படிப்பதில்லை. ஏஜென்ட் பென்சிலால் குறி போட்டுத் தரும் இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீங்களே எழுதிக்குங்க அண்ணாச்சி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பிரீமியம் எவ்வளவு என்பது மட்டும்தான் அன்றைக்குப் பேச்சு. அந்தப் படிவம் மறுபடி வெளியே வருவது தீப்பிடித்த பிறகு, சர்வேயரின் கையில்.

காப்பீட்டு உரிமையைச் சென்ற வாரம் பார்த்தோம். பொருள் எரிந்தால் யாருக்கு நட்டமோ அவர்தான் அதைக் காப்பீடு செய்ய முடியும் என்பது அதன் சாரம். இந்த வாரம் அதன் மேல் நிற்கும் இரண்டு கொள்கைகள். ஒன்று, முழு நம்பிக்கை. மற்றொன்று, நட்ட ஈடு. பாடப் புத்தகங்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயமாக வைத்திருக்கின்றன. சிவகாசிக் குடோனில் இரண்டும் ஒரே கணக்கில் வந்து மோதிக்கொள்ளும்.

கடையில் அரிசி வாங்கும்போது, கல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பொறுப்பு. காப்பீட்டில் அப்படி இல்லை. ஆலையைப் பற்றித் தெரிந்தவர் முதலாளி ஒருவர்தான். கம்பெனி அவர் சொல்வதை நம்பித்தான் பிரீமியம் போடுகிறது. ஆகவே கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. முக்கியமானது எதையும் மறைக்கவும் கூடாது. எது முக்கியம்? சத்வந்த் கவுர் சந்து வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவுகோல் சொன்னது. விவேகமுள்ள ஒரு காப்பீட்டாளர், இந்த ஆபத்தை ஏற்கலாமா, எவ்வளவு பிரீமியம் வாங்கலாம் என்று முடிவெடுப்பதை எந்தத் தகவல் பாதிக்குமோ, அது முக்கியமான தகவல். அது சிறுநீரக நோயை மறைத்து எடுத்த மருத்துவப் பாலிசி பற்றிய வழக்கு. பணம் கிடைக்கவில்லை.

பட்டாசுத் தொழிலில் அப்படி மறைக்கப்படும் நோய் ஒன்று உண்டு. அது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை வரிசை வரிசையாகப் பிரித்து ஆளுக்குச் சில என்று வேறு பலருக்கு விட்டிருப்பார்கள். அவரவர் மருந்து, அவரவர் ஆட்கள், அவரவர் அவசரம். அறைக்கு இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான் என்ற உரிம நிபந்தனையைக் கவனிக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. ஆலை பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது அப்போது வெளியே வந்தது.

காப்பீட்டின் கண்ணில் உள்குத்தகை இரண்டு விதத்தில் பாலிசியை அரிக்கிறது. ஆலையை நடத்துவது யார் என்பதைவிட முக்கியமான தகவல் இருக்க முடியாது. அதை மறைத்தால் பாலிசியைச் செல்லாததாக்கும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்துவிடும். இன்னொன்று, எரிந்த சரக்கு குத்தகைக்காரருடையது. பாலிசி உரிமக்காரர் பெயரில். உரிமக்காரருக்குச் சரக்கில் நட்டமில்லை, நட்டப்பட்டவருக்குப் பாலிசி இல்லை. இருவரும் சேர்ந்து போய் நின்றாலும் பதில் ஒன்றுதான்.

பாலிசி எடுத்த அன்று உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அப்புறம் என்ன என்று கேட்கலாம். வழக்கமான தீ பாலிசியின் பொது நிபந்தனைகளில், நடுவில் தொழிலின் தன்மை மாறி ஆபத்து கூடினால் விபத்துக்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லி எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும் என்று இருக்கிறது. சேமிப்புக்கு மட்டும் என்று சொன்ன கட்டடத்தில் பேக்கிங் ஆரம்பித்தால் அது மாற்றம். அதே நிபந்தனையில் இன்னொரு வரியும் உண்டு: கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தாலும் காப்பீடு நின்றுவிடும். தீபாவளி முடிந்து ஆலையைப் பூட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வரி இது. காவலாளி இருந்தாரே என்று வாதிடலாம்தான். வாதிடும் நிலைக்குப் போகாமல், பூட்டுமுன் எழுதிக் கொடுத்து எண்டார்ஸ்மென்ட் வாங்குவது நல்லது.

இதெல்லாம் கம்பெனிக்குச் சாதகமாக மட்டும் இருக்கிறதே என்று தோன்றும். அப்படி இல்லை. இந்தக் கொள்கையின் மூல வழக்கே காப்பீட்டாளர் தோற்ற வழக்கு. சுமத்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டைக்கு ஆளுநராக இருந்த ஜார்ஜ் கார்ட்டர், எதிரி கோட்டையைப் பிடித்தால் பணம் என்று லண்டனில் காப்பீடு எடுத்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதைச் சொல்லவில்லை என்று காப்பீட்டாளர் மறுத்தார். 1766-ல் மான்ஸ்ஃபீல்டு பிரபு, மறைப்பது கூடாது என்ற விதியை நிறுவினார். ஆனால் ஊருக்கே தெரிந்ததை, காப்பீட்டாளர் தானாகத் தெரிந்திருக்க வேண்டியதை, யாரும் சொல்லத் தேவையில்லை என்று கார்ட்டருக்கே தீர்ப்புச் சொன்னார். பேன்சி ரகம் செய்யும் ஆலைக்குப் பாலிசி கொடுத்துவிட்டு, மணிமருந்து உராய்ந்தால் பற்றும் என்று எங்களிடம் சொல்லவில்லையே என்று எந்தக் கம்பெனியும் கேட்க முடியாது. நம் உச்ச நீதிமன்றமும் 2000-ல், மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில், விலக்கு நிபந்தனைகளைத் தெரிவிக்காத கம்பெனி பின்னால் அவற்றைக் காட்டித் தப்ப முடியாது என்றது. நம்பிக்கை இரு பக்கமும் பாயும்.

இனி பணத்துக்கு வருவோம். நட்ட ஈட்டுக் கொள்கை எளிமையானது: விபத்துக்கு முந்திய நிமிடம் எந்த நிலையில் இருந்தீர்களோ அந்த நிலைக்குக் காப்பீடு உங்களைக் கொண்டுவரும், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. இரண்டு கம்பெனியில் பாலிசி எடுத்திருந்தாலும் நட்ட ஈடு ஒரு தடவைதான் கிடைக்கும், அவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

பட்டாசில் இது சுவாரஸ்யமாகும் இடம் விலை. பெட்டியில் 450 ரூபாய் என்று அச்சடித்திருக்கும். 80 சதவீதத் தள்ளுபடி போக 90 ரூபாய்க்குக் கிடைக்கும். இந்தத் தள்ளுபடி நாடகம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்ததுதான். அந்தப் பெட்டியைச் செய்ய ஆலைக்கு 70 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குடோனில் எரிந்தால் எந்த விலை? உற்பத்தியாளருக்கு 70 ரூபாய்தான். விற்காத சரக்கில் லாபம் இன்னும் வரவில்லை, வராத லாபத்தைத் தீ பாலிசி தராது. அட்டையில் அச்சடித்த 450-ஐக் காட்டி க்ளைம் போடுகிறவர் நட்டத்தை மிகைப்படுத்தியவராகிவிடுவார்.

ஒரு குடோனை முழுக்கக் கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஜனவரியில் சரக்கு குறைவாக இருந்தபோது உரிமையாளர் 60 லட்ச ரூபாய்க்குப் பாலிசி எடுத்தார். தீபாவளி நெருங்கும்போது அடக்கவிலையில் ஒரு கோடி ரூபாய்ச் சரக்கு குவிந்தது. பாலிசித் தொகையைக் கூட்டவில்லை. ஒரு பகுதி எரிந்து 40 லட்சம் நட்டம். பாலிசி 60 லட்சம் இருக்கிறதே, 40 லட்சமும் கிடைக்கும் என்று அவர் நினைப்பார். கிடைக்காது. நூறு ரூபாய்ச் சரக்கில் 60 ரூபாய்க்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார்; மீதி 40 ரூபாய்க்கு அவரே தனக்குக் காப்பீட்டாளர். ஆக, 40 லட்சத்தில் 60 சதவீதம், 24 லட்சம். அதிலும் பாலிசியில் உள்ள கழிவு போகும். 2021 ஏப்ரலில் சிறு நிறுவனங்களுக்காக வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் குறைகாப்பீடு 15 சதவீதம் வரை மன்னிக்கப்படுகிறது. நம்முடைய குடோனில் குறை 40 சதவீதம். அந்தச் சலுகை எட்டாது. சீசனுக்கு முன் தொகையை உயர்த்தி எண்டார்ஸ்மென்ட் வாங்கியிருக்கலாம். கையிருப்பு ஏறி இறங்கும் தொழில்களுக்கென்றே, மாதாமாதம் சரக்கு மதிப்பைத் தெரிவிக்கும் டிக்ளரேஷன் பாலிசியும் இருக்கிறது.

இப்போதுதான் சர்வேயர் உட்கார்ந்து கேட்கத் தொடங்குவார். எரிந்தது 40 லட்சம் என்பதற்கு என்ன ஆதாரம்? சாம்பலைப் பார்த்து எண்ண முடியாது, கணக்கில்தான் தேட வேண்டும். அவர் மேசையில் மூன்று எண்கள் வரும். வங்கியில் டிராயிங் பவர் குறையக்கூடாது என்று மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட். ஜிஎஸ்டி கணக்கிலிருந்து பின்னோக்கிப் போட்டால் வரும் சரக்கு. உரிமத்தில் எழுதியிருக்கும் கிலோ. மூன்றும் ஒத்துப்போனால் வேலை சீக்கிரம் முடியும். வங்கிக்கு ஒரு கோடி என்றும் வரிக்கணக்கில் எழுபது லட்சம் என்றும் இருந்தால், சர்வேயர் குறைந்ததிலிருந்துதான் ஆரம்பிப்பார். உரிமம் அனுமதித்த எடையைவிட அதிகச் சரக்கு எரிந்தது என்று க்ளைம் போட்டால், சட்டத்தை மீறி அடுக்கியதாகத் தானே எழுதிக் கொடுத்த மாதிரி. உரிமத்துக்குள் அடங்க எண்ணைக் குறைத்தால் நட்டம் குறையும். முன்னே சொன்ன முழு நம்பிக்கை, நட்ட ஈட்டின் கழுத்தைப் பிடிப்பது இங்கேதான்.

மூன்றாம் ஆளிடமிருந்து பணம் வந்தாலும் இதே கொள்கைதான். 1883-ல் இங்கிலாந்தில் காஸ்டெலைன் - பிரஸ்டன் வழக்கு. வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டவர், பத்திரம் முடிவதற்குள் தீப்பிடித்ததால் காப்பீட்டில் 330 பவுண்டு வாங்கினார். பிறகு வாங்குகிறவரும் முழு விலையைக் கொடுத்துவிட்டார். 330 பவுண்டைத் திருப்பிக் கொடு என்றது நீதிமன்றம். உங்கள் லோடு ஏற்றிய லாரிக்காரர் கவனக்குறைவால் சரக்கு நாசமாகி, கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டால், லாரிக்காரரிடம் கேட்கும் உரிமை கம்பெனிக்குப் போய்விடும். அவரிடம் தனியாகப் பேசி "ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் க்ளைமுக்கே சிக்கல்.

உயிருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு மனிதனுக்கு அடக்கவிலை போட முடியாது என்பதால் ஆயுள் பாலிசியிலும் தனிநபர் விபத்துப் பாலிசியிலும் ஒப்புக்கொண்ட தொகை அப்படியே கிடைக்கும், எத்தனை பாலிசி இருந்தாலும் அத்தனையும். ஆனால் தொழிலாளர் இழப்பீட்டுப் பொறுப்புக்காக முதலாளி எடுக்கும் பாலிசி வேறு. அதற்கு ஆள் எண்ணிக்கையையும் கூலியையும் முதலாளிதான் அறிவிக்கிறார். இருபது பேர் என்று எழுதி அறுபது பேரை வேலைக்கு வைத்தால், இறந்தவர் அந்த இருபதில் ஒருவரா என்ற கேள்வி அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

ஆலையோ அச்சகமோ, பாலிசி வைத்திருக்கும் வாசகர்கள் கம்பெனியிடம் தங்கள் புரொபோசல் படிவத்தின் நகல் கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. அதில் எழுதியிருப்பது இன்றைய நிலவரத்துடன் ஒத்துப்போகாவிட்டால், இந்த வாரமே கடிதம் எழுதி எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். சர்வேயர் எப்படி வேலை செய்கிறார், அவர் அறிக்கையை எப்படி எதிர்க்கலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.