பன்னின் பளபளப்பில் ஒளிந்திருக்கும் முட்டை

“என் மகனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. தயவுசெய்து கொடுக்க வேண்டாம்.”

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கேன்டீனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் இவ்வளவுதான் இருந்தது. கேன்டீன்காரரும் அதை அப்படியே கடைப்பிடித்தார். அவித்த முட்டை, ஆம்லெட், முட்டை பப்ஸ் எதையும் அவனுக்குத் தரவில்லை. ஒரு நாள் இடைவேளையில் பையன் ஓர் இனிப்பு பன் வாங்கிச் சாப்பிட்டான். கால் மணி நேரத்துக்குள் உதடு வீங்கியது. கழுத்திலும் கைகளிலும் தடிப்புகள் எழும்பின. வாந்தியும் வந்தது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றதால் மாலைக்குள் தேறிவிட்டான்.

பன் வெளியே ஒரு பேக்கரியிலிருந்து வந்தது. விசாரித்தபோது, மாவில் முட்டை சேர்க்கவில்லை என்றார்கள். ஆனால் அடுப்பில் வைக்கும் முன், மேலே மினுமினுப்பு வருவதற்காக, அடித்த முட்டையைப் பிரஷ்ஷால் தடவுவது அங்கே வழக்கம். முட்டை கொடுக்கக்கூடாது என்று சீட்டு சொன்னது. முட்டை எங்கே இருக்கும் என்று அது சொல்லவில்லை.

மறுவாரம் அந்தத் தாய் எழுதிய இரண்டாவது கடிதம் ஒரு பக்கம் நீண்டது. அதில் அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது.

கடிதத்தின் முதல் வரி அளவைப் பற்றியது: “கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம், அண்ணா.”

ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை ஒவ்வாமை உள்ள உடல், அந்தப் புரதத்தைத் தீங்கு செய்ய வந்த பொருளாகத் தவறாக எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். புரதம் மறுபடி உள்ளே வந்ததும் தோல், குடல், மூச்சுக்குழாய் ஆகிய இடங்களில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. தடிப்பும் வீக்கமும் வாந்தியும் அப்படித்தான் வருகின்றன. இதற்கு முழு முட்டை தேவையில்லை. உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, முட்டைக்கான எச்சரிக்கை அளவாக 2 மில்லிகிராம் புரதத்தைப் பரிந்துரைத்திருக்கிறது. ஒரு முட்டையை மூவாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு அது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த அளவுவரை வெளிப்படையான அறிகுறி வராது. அதற்குக் கீழேயும் சிலருக்கு வரலாம்.

இப்போது பன்னைப் பார்ப்போம். ஒரு முட்டையை அடித்து இருபது பன்களுக்குத் தடவினால், ஒவ்வொன்றின் தலையிலும் ஏறக்குறைய 300 மில்லிகிராம் புரதம் படியும். எச்சரிக்கை அளவைப்போல 150 மடங்கு அது. கண்ணுக்குத் தெரிவது வெறும் மினுமினுப்பு.

கேன்டீன்காரருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “அடுப்பில் வெந்த பிறகும் முட்டை முட்டையாகவா இருக்கும், மேடம்? போன மாதம் வீட்டிலிருந்து கேக் கொண்டுவந்து சாப்பிட்டானே?” என்று கேட்டார். அவர் பார்த்தது உண்மை. பையன் வீட்டில் கேக் சாப்பிடுகிறான். அதுவும் மருத்துவர் சொல்லித்தான்.

முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள புரதத்தில் பாதிக்கும் மேல் ஓவால்புமின். பத்தில் ஒரு பங்கு போல இருப்பது ஓவோமியூகாய்டு. ஒவ்வாமையில் பெரும்பங்கு இந்த இரண்டுக்குத்தான். ஓவால்புமின் ஒழுங்காகச் சுற்றிவைத்த நூல்கண்டு போன்றது. நீண்ட நேரச் சூட்டில் அது பிரிந்து குலைந்துவிடும். சுற்றிய வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும் எதிர்ப்பொருள், குலைந்த புரதத்தைக் கண்டுகொள்ளாது. ஓவோமியூகாய்டு அப்படியல்ல. கந்தக அணுக்களால் ஆன பிணைப்புகள் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால் சூட்டையும், ஓரளவு செரிமானத்தையும் அது தாங்குகிறது.

ஆகவே ஒரே ஒவ்வாமைக்குள் இரண்டு வகைக் குழந்தைகள். முட்டை சேர்த்து 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி நேரம் வேகவைத்த சிறு கேக்கைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொல்லையில்லாமல் சாப்பிட்டார்கள். மீதிப் பேருக்கு அந்தக் கேக்கும் ஆகவில்லை. ஓவோமியூகாய்டுக்கு எதிர்ப்பொருள் அதிகம் உள்ளவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. கேக்கில் வெப்பம் மட்டும் வேலை செய்வதில்லை. கோதுமை மாவும் முட்டைப் புரதத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, உடலுக்கு எளிதில் எட்டாமல் செய்கிறது.

பன்னின் மேல் தடவிய முட்டைக்கு மாவின் அந்தத் துணை இல்லை. மாவோடு கலக்காமல் மெல்லிய படலமாக மேலே கிடக்கும் அது, குறைந்த நேரமே வேகிறது. வீட்டில் கேக் ஒத்துக்கொண்ட பையனுக்குப் பன் ஒத்துக்கொள்ளாமல் போனதற்குக் காரணம் இதுவே. எனவே தாய் இரண்டாவது வரியை இப்படி எழுதினார்: “வீட்டில் நான் செய்யும் கேக்கை மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுகிறான். அதை வைத்துக் கேன்டீன் கேக்கையோ பன்னையோ தர வேண்டாம். அவனே கேட்டாலும் வேண்டாம்.” எந்தக் குழந்தை எந்த வகை என்பதை மருத்துவர் மேற்பார்வையில் செய்யும் சோதனைதான் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைக்குரிய இடம் வீடோ கேன்டீனோ அல்ல.

அடுத்து, கடிதம் பொருள்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தியது. முட்டை தடவும் வழக்கமுள்ள பன், வெஜ் பப்ஸ். உருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டும் கட்லெட். பொரிக்கும் மாவில் முட்டை ஊற்றும் சிக்கன் 65, மஞ்சூரியன். மாவு மென்மையாக வர முட்டை சேர்க்கும் பரோட்டா. சில வகை நூடுல்ஸ், கஸ்டர்டு, ஐஸ்கிரீம். சாண்ட்விச்சில் பூசும் மயோனைஸ். தமிழக அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது கிருமித் தொற்றைத் தடுப்பதற்காக. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதை நம்பி இருக்க முடியாது. டப்பா முட்டையில்லாததா என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்தே ஆக வேண்டும்.

“சிக்கன் சாப்பிடலாம் என்றால் முட்டை ஏன் ஆகாது?” என்ற கேள்விக்கும் கடிதத்திலேயே பதில் இருந்தது. கோழி இறைச்சியின் புரதங்களும் வெள்ளைக்கருவின் புரதங்களும் வேறு வேறு. முட்டை ஒவ்வாமை உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குக் கோழிக் குழம்பு ஒத்துக்கொள்ளும். மாறாக, காடை முட்டையும் வாத்து முட்டையும் கோழி முட்டைக்கு மாற்றாகா. அவற்றின் புரதங்கள் மிக நெருங்கிய சாயல் கொண்டவை.

அச்சிட்ட பாக்கெட்டுகளில் வேலை சற்று எளிது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி முட்டை அசைவம். முட்டை சேர்ந்த பாக்கெட்டில், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் முட்டை ஒரு சேர்மானமாக இல்லை என்று பொருள். வேறு பல நாடுகளில் இல்லாத வசதி இது. முட்டை உள்ளது என்று ஒவ்வாமை அறிவிப்பு வரியிலும் தனியாகச் சொல்ல வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் முகப்புச்சீட்டு ஒழுங்குமுறைகள். வெளிநாட்டுச் சாக்லேட்டிலும் மார்ஷ்மெல்லோவிலும் இந்தக் குறிகள் இல்லாமல் போகலாம். அங்கே அல்புமின், ஓவால்புமின், லைசோசைம் போன்ற சொற்களைத் தேட வேண்டும். பச்சை வட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதே எந்திரத்தில் முன்பு ஓடிய முட்டை பிஸ்கட்டின் துகள் ஒட்டியிருக்காது என்ற உறுதியை அது தருவதில்லை. பேக்கரியிலிருந்து தட்டில் வரும் பண்டத்துக்கோ எந்தக் குறியும் இல்லை. அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்றே வழி.

கேன்டீன்காரர் எதிர்பாராத வரி பாத்திரங்களைப் பற்றியது. ஆம்லெட் போட்ட தோசைக்கல்லைத் துணியால் துடைத்துவிட்டுத் தோசை ஊற்றினால், கல்லில் ஒட்டியிருந்தது தோசையில் ஏறும். முட்டையில் தோய்த்த கட்லெட் பொரிந்த எண்ணெயில் உதிர்ந்த துகள்கள் அடுத்து விழும் சமோசாவில் ஒட்டும். எண்ணெயின் சூடு அவற்றைச் சுத்தம் செய்துவிடாது. சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. கைக்கும் கல்லுக்கும் கரண்டிக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதே மருந்து. தாய் கேட்டது சின்ன ஏற்பாடு: பையனுக்குத் தரும் தோசையைக் காலையில் ஆம்லெட் தொடங்கும் முன்பே, கழுவிய கல்லில், தனித் தோசைத்திருப்பியால் சுட்டு எடுத்து மூடி வைப்பது.

கடைசிப் பகுதி, தவறி நடந்துவிட்டால் என்ன செய்வது என்பது. அறிகுறிகள் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். வாயைச் சுற்றி மட்டும் தடிப்பு என்றால் சாப்பிடுவதை நிறுத்தி, பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். வீட்டுக்கும் உடனே சொல்ல வேண்டும். இருமல், இழுப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், முகம் வெளிறுதல், துவண்டு விழுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அது அனபிலாக்சிஸ் என்னும் உயிராபத்து நிலையாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில், குழந்தையின் எடைக்கேற்ற அளவில் போடுவது. செட்ரிசின் போன்ற மாத்திரை அரிப்பைக் குறைக்கும். மூச்சுத் திணறலையோ ரத்த அழுத்தச் சரிவையோ அது நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக்கூடாது. குழந்தையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்க விடக்கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். தானாகச் செலுத்தும் அட்ரினலின் பேனா இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. எனவே யார் ஊசி போடுவது, எந்த மருத்துவமனை அருகில் என்பதை மருத்துவரும் பெற்றோரும் பள்ளியும் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும்.

கடிதத்தின் அடியில் தேதியும், “அடுத்த ஜூன்வரை” என்ற குறிப்பும் இருந்தன. முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர விலகிவிடுகிறது. விலகிய பிறகும் ஒதுக்கிவைப்பது குழந்தைக்கு வீண் இழப்பு. ஆகவே ஆண்டுதோறும் மருத்துவரிடம் மறுபரிசோதனை செய்து, கடிதத்தைப் புதுப்பிப்பது அவசியம்.

உங்கள் குழந்தைக்கும் முட்டை ஒவ்வாமை இருந்தால், “முட்டை வேண்டாம்” என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாதீர்கள். கேன்டீனில் விற்கும் பண்டங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘தரலாம்’, ‘தரக்கூடாது’ என்று குறித்து, குழந்தையின் படத்தையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் ஒட்டிக் கொடுங்கள். கேன்டீன் நடத்துபவர்கள், பேக்கரியில் பன் வாங்கும்போது மேலே என்ன தடவினீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.