மேடு எங்கே போச்சு? ஒரு லெவலிங் லெக்சரை ஃபீல்ட் புக்கா மாத்தின கதை

சித்தி பொண்ணு சிவில் படிக்கிறா. அவ அனுப்பின ஒரு சர்வேயிங் லெக்சரை ஞாயித்துக்கிழமை முழுக்க கேட்டேன். மறுநாள் ஃபீல்டுக்குப் போறவ கையில ஒரு பக்கம் இருக்கணும், அதுல எண்களைப் போட்டா போதும், அதுதான் அவ கேட்டது. நமக்கு எக்செல் தெரியும், பத்து நிமிஷ வேலைன்னு நினைச்சேன். கடைசியில நான் மாட்டினது ஒரே ஒரு இடத்துலதான். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தி.

முதல்ல லெவலிங்னா என்னன்னு பார்த்துடலாம். முக்காலி மேல வைக்கிற கருவி கண்ணுக்கு ஒரு கிடைமட்டக் கோட்டைக் கொடுக்குது. எதிர்ல ஒருத்தர் ஸ்டாஃபைச் செங்குத்தா பிடிக்கிறார். கோடு ஸ்டாஃபை வெட்டுற இடம்தான் ரீடிங். தரை பள்ளமா இருந்தா ரீடிங் பெருசாகும், மேடா இருந்தா சின்னதாகும். இந்தத் தலைகீழ் உறவு மனசுல நின்னுட்டா மிச்சமெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

கருவியை ஒரு இடத்துல வச்சதும் எடுக்கிற முதல் ரீடிங் பேக் சைட். அங்கிருந்து நகர்த்துறதுக்கு முன்னாடி எடுக்கிற கடைசி ரீடிங் ஃபோர் சைட். நடுவுல எடுக்கிறது எல்லாம் இன்டர்மீடியட் சைட். கருவி இடம் மாறும்போது ஸ்டாஃப் மட்டும் நகராம நிக்கிற புள்ளி சேஞ்ச் பாயின்ட். அந்தப் புள்ளிக்குப் பழைய இடத்துலேருந்து ஒரு ஃபோர் சைட், புது இடத்துலேருந்து ஒரு பேக் சைட், ரெண்டும் ஒரே வரிசையில வரும். லெக்சர்ல அவர் இதை ரெண்டு தடவை சொன்னார். டெம்ப்ளேட் போடும்போதுதான் ஏன்னு புரிஞ்சது: ஒரு வரிசைங்கிறது ஒரு ரீடிங் கிடையாது, ஸ்டாஃப் நிக்கிற ஒரு இடம்.

இப்ப உதாரணத்துக்கு வருவோம். எங்க சுந்தரபாண்டியம் பக்கம் கண்மாய், மடை, வாய்க்கால்தான் பேச்சே. அதனால மடைக்கல்லுலேருந்து ஒரு வயல் வரைக்கும் வாய்க்கால் அடித்தளத்துல லெவல் எடுக்கிறதா வச்சுக்கங்க. எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. எல்லாம் மீட்டர்ல. மடைக்கல்லுக்கு 100.000னு ஒரு மட்டத்தை நாமே வச்சுக்கிறோம். ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி வர்ற மட்டம்தான் ஆர்.எல்.

| இடம் | பேக் | இன்டர் | ஃபோர் | ரைஸ் | ஃபால் | ஆர்.எல். |
|---|---|---|---|---|---|---|
| மடைக்கல் | 1.425 | | | | | 100.000 |
| 2 | | 1.860 | | | 0.435 | 99.565 |
| 3 | | 1.715 | | 0.145 | | 99.710 |
| 4 (சேஞ்ச்) | 1.210 | | 2.340 | | 0.625 | 99.085 |
| 5 | | 1.575 | | | 0.365 | 98.720 |
| வயல் | | | 1.930 | | 0.355 | 98.365 |

மூணாவது இடத்தைப் பாருங்க. வாய்க்கால் இறங்கிட்டே வந்து அங்க 14.5 சென்டிமீட்டர் ஏறுது. மண் சேர்ந்திருக்கலாம். தண்ணி அங்க தேங்கும், வெட்டணும். இந்த வேலையோட பலனே அந்த ஒரு வரிசைதான்.

லெக்சர்ல ரெண்டு முறை சொன்னாங்க. முதல் முறையில கருவியோட கோட்டு உயரத்தைக் கண்டுபிடிப்போம்: 100.000 + 1.425 = 101.425. அதுலேருந்து ஒவ்வொரு ரீடிங்கையும் கழிச்சா ஆர்.எல். வேகமான முறை, நானும் இதைத்தான் முதல்ல போட்டேன். இதுக்கான சோதனை: பேக் சைட் கூட்டுத்தொகையிலேருந்து ஃபோர் சைட் கூட்டுத்தொகையைக் கழிச்சா, கடைசி ஆர்.எல்.லுக்கும் முதல் ஆர்.எல்.லுக்கும் உள்ள வித்தியாசம் வரணும். 2.635 − 4.270 = −1.635. அங்க 98.365 − 100.000 = −1.635. சரி.

இப்ப வெயில்ல நின்னு கையால கணக்குப் போடுறவங்க, மூணாவது இடத்துல 99.710க்குப் பதிலா 99.110னு எழுதிட்டாங்கன்னு வைங்க. சோதனை என்ன சொல்லும்? அப்பவும் சரின்னுதான் சொல்லும். ஏன்னா அந்தச் சூத்திரத்துல இன்டர்மீடியட் சைட் எங்கயும் வரல. 99.565, 99.110, 99.085னு பார்த்தா வாய்க்கால் அழகா இறங்குது. மேடு காணாமப் போச்சு, பக்கத்துக்குக் கீழ டிக் விழுந்திருக்கு.

அதனாலதான் டெம்ப்ளேட்டை ரைஸ், ஃபால் முறைக்கு மாத்தினேன். இதுல ஒவ்வொரு ஆர்.எல்.லும் முந்தின ஆர்.எல்.லோட தோள்ல ஏறித்தான் வருது. நடுவுல ஒண்ணு தப்பினா அந்தத் தப்பு கடைசி வரைக்கும் போகும், கீழ சோதனையில மாட்டிக்கும். மூணு எண்ணும் ஒண்ணா வரணும்: பேக் கழித்தல் ஃபோர், ரைஸ் கழித்தல் ஃபால், கடைசி கழித்தல் முதல். நம்ம பக்கத்துல 0.145 − 1.780 = −1.635. மூணும் ஒண்ணு.

எக்செல்ல முதல் வரிசை தலைப்பு. A இடம், C பேக், D இன்டர், E ஃபோர், F ரைஸ், G ஃபால், H ஆர்.எல். B தூரத்துக்கு, I குறிப்புக்கு. மூணாவது வரிசையில போட்டு கீழ இழுத்துக்கங்க:

```
F3: =ROUND(MAX(IF(C2<>"",C2,D2)-IF(D3<>"",D3,E3),0),3)
G3: =ROUND(MAX(IF(D3<>"",D3,E3)-IF(C2<>"",C2,D2),0),3)
H3: =ROUND(H2+F3-G3,3)
C9: =ROUND(SUM(C2:C7)-SUM(E2:E7),3)
F9: =ROUND(SUM(F3:F7)-SUM(G3:G7),3)
H9: =ROUND(H7-H2,3)
I9: =IF(AND(C9=F9,F9=H9),"சரி","தவறு")
```

`ROUND` இல்லாம விட்டா, தசமத்தைக் கம்ப்யூட்டர் வச்சுக்கிற விதத்தால சரியான பக்கமே சில சமயம் "தவறு"ன்னு வரும். எங்க தொழில்ல இது பழைய காயம்.

நீங்க கேக்கலாம், சூத்திரம் கூட்டல்ல தப்பாதே, அப்புறம் எதுக்குச் சோதனைன்னு. எக்செல்ல அது வேற தப்பைப் பிடிக்குது. நாலாவது இடத்தோட 2.340ஐ ஃபோர் காலத்துக்குப் பதிலா இன்டர் காலத்துல தட்டிப் பாருங்க. ஆர்.எல். எல்லாம் அப்படியே சரியா வரும். ஆனா C9ல 0.705னு வந்து "தவறு" விழும். காகிதத்துல எழுதும்போது இன்னொரு வழக்கம் உண்டு: பக்கம் இன்டர்மீடியட்ல முடிஞ்சா, அதையே அந்தப் பக்கத்துக்கு ஃபோராவும் அடுத்த பக்கத்துக்கு முதல் பேக்காவும் எழுதணும். இல்லன்னா பக்கம் பக்கமா சோதிக்க முடியாது.

இவ்வளவு பண்ணியும் ஒரு ஓட்டை பாக்கி. மூணாவது இடத்துல 1.715ஐக் கண்ணே தப்பா 2.315னு படிச்சிருந்தா? அப்ப ஃபால் 0.455, அடுத்தது 0.025. கூட்டினா அதே −1.635. ரைஸ், ஃபாலும் ஏமாந்துடும். கணக்குச் சோதனை கணக்கை மட்டும்தான் சோதிக்கும். திரும்ப மடைக்கல் வரைக்கும் லெவல் எடுத்து வந்து மூடுறது பேக், ஃபோர் ரீடிங் தப்பைக் காட்டிக்கொடுக்கும். சாதாரண வேலைக்குப் பாடப்புத்தகங்கள் அனுமதிக்கிற பிழை 24√K மில்லிமீட்டர், K கிலோமீட்டர்ல. மொத்தம் 400 மீட்டர்னா ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். ஆனா இன்டர்மீடியட் தப்பு அதுலயும் தெரியாது.

அதுக்கு வழி கருவிக்குள்ளேயே இருக்கு. நடுக்கம்பிக்கு மேலயும் கீழயும் ரெண்டு சின்னக் கோடு இருக்கும். மூணையும் படிங்க. மேல் 1.840, கீழ் 1.590ன்னா சராசரி 1.715. நடுக்கம்பியும் 1.715 சொல்லணும். 2.315னு எழுதியிருந்தா அங்கயே கையைப் பிடிக்கும். கூடவே மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் 0.250ஐ வழக்கமான கருவியில 100 ஆல் பெருக்கினா 25 மீட்டர், அதாவது ஸ்டாஃப் வரைக்கும் உள்ள தூரம் இலவசமா கிடைக்குது.

அதனால டெம்ப்ளேட்ல கடைசியா இன்னும் ரெண்டு காலம் சேர்த்தேன், மேல் கம்பி, கீழ் கம்பின்னு. "ஒவ்வொரு இடத்துலயும் மூணு ரீடிங்கா, பொழுது போயிடும்"னா சித்தி பொண்ணு. எல்லா இடத்துலயும் வேண்டாம், ரீடிங் சட்டுனு ஏறி இறங்குற இடத்துல மட்டும் எடுன்னு பேசி முடிச்சோம்.