ஒரே ஆளுக்கு மூன்று ஈபிஎஃப் இலக்கம்

ஐம்பது வயதில் பேர் வெட்டிக்கொண்டு சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கும் கொழுந்துக்காரப் பெண்ணிடம் எத்தனை இலக்கம் இருக்கிறதென்று கேட்டால், அநேகமாக “ஒண்ணுதான்” என்பார். பலருக்கு அது ஒன்றாக இருக்க வழியில்லை.

ஊழியர் சேமலாப நிதியில் அங்கத்துவ இலக்கம் தொழில்தருநரின் இலக்கத்தோடு ஒட்டியது. தொழில்தருநர் மாறினால் கணக்கும் மாறும். ஹட்டன் பக்கம் 1987இல் பேர் பதிந்த ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அப்போது தோட்டம் அரசுடையது. 1992இல் நிர்வாகம் கம்பனிக்குக் கைமாறியது. கல்யாணம் முடித்து நுவரெலியாப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனார். லயமும் மலையும் மாறாத காலத்திலேயே அவருக்கு இரண்டாவது கணக்கு வந்திருக்கும், அங்கே போனதும் மூன்றாவது. கடைசிக் கணக்குக்கு மட்டும் விண்ணப்பித்தால் முந்திய இரண்டும் அப்படியே கிடக்கும்.

பழைய இலக்கத்தைத் தேட முதலில் பார்க்க வேண்டியது பெட்டியடியில் கிடக்கும் பி அட்டையும் சம்பளத் துண்டும். இரண்டும் இல்லையென்றால், அதே காலத்தில் அதே தோட்டத்தில் வேலை செய்த ஒருவரின் துண்டைக் கேட்டு வாங்குங்கள். தொழில்தருநர் இலக்கம் இருவருக்கும் ஒன்றே. அதோடு தோட்டப் பெயர், வேலை செய்த ஆண்டுகள், செக்ரோல் நம்பர் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போனால் மத்திய வங்கியின் சேமலாப நிதிப் பிரிவில் தேடிப்பார்க்கச் சொல்லலாம். கிடைத்த கணக்குகளை அடையாள அட்டைப் பிரதியோடு எழுதிக்கொடுத்து, இப்போது பணம் சேரும் கணக்கில் இணைக்கக் கேட்கலாம்.

உண்மையான சிக்கல் பெயரில்தான். அடையாள அட்டை இல்லாத நாளில், பேர் பதிந்த கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதியது அது. ஒரு கணக்கில் பெருமாயி, இன்னொன்றில் பேர்மாய், அட்டையில் தகப்பன் பேரோடு பெருமாயி. மூவரும் ஒருவர்தான் என்று காட்டத் தோட்ட ஆபிஸின் கடிதமும் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியும் கேட்பார்கள். அன்றைய செக்ரோலைத் தெரிந்த கிளாக்கர் ஓய்வு பெற்றுப் போய்விட்டால், பழைய புத்தகம் கரையானுக்குப் போய்விட்டால், அந்தக் கடிதத்தை யார் தருவது? எனக்கு இருக்கும் கவலை இதுதான். இதையெல்லாம் தோட்ட நிர்வாகமே செய்து தர வேண்டும் என்று தொழிற்சங்கத்தார் சொல்வதும் நியாயமே. ஆனால் அதுவரை காத்திருந்தால் சாட்சி சொல்ல ஆளிருக்காது.

இணைப்பதால் வராத காசு வந்துவிடாது. தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் சில மாதங்களுக்குக் கட்டப்படாமல் விட்டிருந்தால், அது தொழில் திணைக்களத்தில் கொடுக்க வேண்டிய தனி முறைப்பாடு. சம்பளத்தில் பிடித்ததைக் காட்டும் துண்டும் கணக்குக் கூற்றும் ஒத்துப்போகாத மாதங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பணத்தை எடுக்கலாம். அந்த வயது வரும்வரை பொறுக்காதீர்கள். பழைய கிளாக்கர் உயிரோடு இருக்கும்போதே பெயர்க் கடிதத்தை வாங்கி வையுங்கள்.