ஆறாவது பொருள் எது?

கம்பெனிகளின் சட்டப்பூர்வ தணிக்கைக்கு வரும் ஆடிட்டர், கணக்குப் புத்தகங்களோடு சேர்த்துக் கட்டாயம் கேட்டு வாங்குவது இயக்குநர் குழுக் கூட்டங்களின் மினிட்ஸ். வங்கிக் கடன் யார் ஒப்புதலோடு வாங்கப்பட்டது, இயக்குநரின் உறவினருக்கு எந்த அடிப்படையில் வாடகை போகிறது என்பதற்கெல்லாம் அவர் தேடும் சான்று அதில்தான் இருக்கிறது. கிடைத்ததும் தன் வேலைத்தாளில் 'இந்தத் தேதிக் கூட்டம், பொருள் எண் 6' என்று குறித்துக்கொள்வார். அந்த எண் தவறாக இருந்தால் அவருக்குக் கிடைத்த சான்றே தவறாகிவிடும்.

கூட்டம் முடிந்து 30 நாட்களுக்குள் மினிட்ஸைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 118-ஆவது பிரிவு. கம்பெனி செக்ரட்டரிகள் பின்பற்றும் செயலக நெறிமுறை இன்னும் விரிவாகச் சொல்கிறது. 15 நாட்களுக்குள் வரைவை இயக்குநர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கருத்துச் சொல்ல 7 நாள் அவகாசம். எண்களையும் தலைப்புகளையும் சீராக்க வேண்டிய நேரம் இதற்குள்தான். சீராக்க வேண்டியவரும் கம்பெனியின் செக்ரட்டரியே. தணிக்கை செய்ய வந்த ஆடிட்டரின் உதவியாளர் 'நானே சரிசெய்து தருகிறேன்' என்று உட்காரக் கூடாது. தான் சோதிக்க வேண்டிய ஆவணத்தைத் தானே எழுதியதாகிவிடும்.

பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கூட்டத்துக்கு முன்பு அனுப்பிய அஜெண்டாவில் 9 பொருள்கள். 5-ஆவது, வங்கியில் 2 கோடி ரூபாய் கடன். அதன் பத்திரங்களில் இரண்டு இயக்குநர்கள் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று தீர்மானம். 6-ஆவது, ஓர் இயக்குநரின் மனைவிக்குச் சொந்தமான குடோனைக் குத்தகைக்கு எடுப்பது. கடைசியாக 9-ஆவதில் ஒரு வரி: 'மேலே பொருள் 6-இல் ஏற்கப்பட்ட ஆவணங்களில் நிர்வாக இயக்குநர் மட்டும் கையெழுத்திடலாம்.' அதாவது குத்தகைப் பத்திரத்தில்.

கூட்டத்தன்று, அஜெண்டாவில் இல்லாத புது இயந்திரக் கொள்முதலும் தலைவரின் அனுமதியோடும் வந்திருந்தவர்களில் பெரும்பான்மையோர் சம்மதத்தோடும் எடுத்துக்கொள்ளப்பட்டது. கடனே அந்த இயந்திரத்துக்காகத்தான் என்பதால் அதற்கு முன்பாகவே பேசி முடித்துவிட்டார்கள். வரைவைத் தட்டச்சு செய்தவர் அதை '4A' என்று நுழைத்தார். முதல் நான்கு எண்களும் வேர்டு தானாகப் போட்டவை. அடுத்து வருவன 'ஐட்டம் 5', 'VI', '7)' என்று மூன்று கைகள் மூன்று விதமாக அடித்தவை.

இதைப் பார்க்கும் யாருக்கும் 1 முதல் 10 வரை ஒரே சீராக எண் போட்டுவிடத்தான் தோன்றும். போட்டதும் இயந்திரம் 5 ஆகிறது, கடன் 6 ஆகிறது, குத்தகை 7 ஆகிறது. ஆனால் இப்போது 10-ஆவதாகிவிட்ட கடைசிப் பொருளில் அந்த வரி 'பொருள் 6' என்றே நிற்கிறது. படித்தால் எந்த உறுத்தலும் இல்லை. கடன் பத்திரத்தில் நிர்வாக இயக்குநர் தனியாகக் கையெழுத்திடலாம் என்று இயக்குநர் குழு தீர்மானித்ததாகவே பொருள் வருகிறது. இல்லாத எண்ணைச் சுட்டியிருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இருக்கும் எண்ணைத் தவறாகச் சுட்டுவதை எளிதில் பிடிக்க முடியாது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பயம் தருவது இதுதான்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எதிரெதிரே எழுதிக்கொள்ள வேண்டும்: 4A என்பது 5, 5 என்பது 6, VI என்பது 7, இப்படியே 9 என்பது 10 வரை. பிறகு வரைவை முழுக்கப் படித்து 'பொருள்', 'ஐட்டம்', 'மேற்படி', 'மேலே கண்ட' என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டு, அது எதைச் சுட்டுகிறது என்று கேட்க வேண்டும்.

அங்கே மூன்று விதமான சுட்டுகள் கலந்து கிடக்கும். இதே மினிட்ஸுக்குள் சுட்டுபவை மட்டும்தான் புது எண்ணுக்கு மாற வேண்டும். 'அஜெண்டா குறிப்பு 6-இன்படி' என்று வந்தால் 6 அப்படியே இருக்கட்டும். இயக்குநர்கள் கையில் இருக்கும் கட்டில் குத்தகை விவரம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. 'சென்ற கூட்டத்தின் பொருள் 6-ஐ மாற்றியமைத்து' என்று வந்தால் அதைத் தொடவே கூடாது. அது கையெழுத்தாகிவிட்ட ஏட்டின் எண். 'சென்ற கூட்டம்' என்பதற்குப் பதிலாக அந்தக் கூட்டத்தின் தேதியை மட்டும் எழுதிவிடலாம், பிறகு படிப்பவருக்குச் சந்தேகம் வராது. முந்தைய தீர்மானத்தை மாற்றும்போது அதைக் குறிப்பாகச் சுட்ட வேண்டும் என்பது நெறிமுறையிலேயே இருக்கிறது.

இதனால்தான் 'அனைத்தையும் மாற்று' என்ற கட்டளை இந்த வேலைக்கு உதவாது. அது பழைய கூட்டத்தின் 6-ஐயும் 7 ஆக்கிவிடும். 186-ஆவது பிரிவை 187 ஆக்கினாலும் ஆச்சரியமில்லை. வரிசையும் முக்கியம். முதலில் 5-ஐ 6 ஆக்கி, பிறகு 6-ஐ 7 ஆக்கினால் கடனும் குத்தகையும் ஒரே எண்ணில் போய் விழும். கையால் மாற்றும்போதும் கடைசி எண்ணிலிருந்து மேல்நோக்கி வருவதே பாதுகாப்பு.

தலைப்புகளுக்கு வேர்டின் Heading 1 பாணியைக் கொடுத்து, எண்ணை அந்தப் பாணியோடு இணைத்துவிட்டு, உள்சுட்டுகளை Cross-reference வழியாகப் போட்டால் பின்னால் ஒரு பொருள் சேர்ந்தாலும் Ctrl+A, F9 அழுத்தியதும் எண்கள் கூடவே மாறிக்கொள்ளும். சுட்டப்பட்ட தலைப்பையே யாராவது அழித்திருந்தால் `Error! Reference source not found.` என்று அந்த இடத்தில் காட்டிவிடும். அது நல்லதுதான், தவறு வெளியே தெரிகிறது.

தலைப்புகளைப் பற்றி ஒன்று. 'வங்கி', 'கடன் விஷயம்', 'இதர விஷயங்கள்' என்று ஆளுக்கொரு விதமாக இருப்பதைவிட 'வங்கிக் கடன் பெற ஒப்புதல்', 'குடோன் குத்தகைக்கு ஒப்புதல்' என்று ஒரே வாய்பாட்டில் இருந்தால் ஆடிட்டர் தலைப்புகளை ஓட்டிப் பார்த்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். இயக்குநரின் மனைவியோடு செய்யும் குத்தகை 'இதர விஷயங்கள்' என்ற தலைப்புக்குள் கிடந்தால், தொடர்புடைய தரப்பினரைத் தேடும் ஆடிட்டருக்கு அது ஒளித்து வைத்ததாகவே தோன்றும்.

முடித்ததும் பழைய வரைவையும் புதியதையும் Compare செய்து பார்ப்பது வழக்கம். வேர்டு தானாகப் போட்ட எண்கள் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. அதனால் அவை மாறியிருந்தாலும் அந்த ஒப்பீட்டில் தவறிப்போகக்கூடும். இரண்டு வரைவுகளையும் நோட்பேடில் ஒட்டினால் எண்கள் வெறும் எழுத்தாகிவிடும். அந்தப் பிரதிகளை ஒப்பிடலாம். எண்ணும் தலைப்பும் தவிர தீர்மானத்தின் ஒரு சொல் மாறியிருந்தாலும் அது வடிவத் திருத்தம் அல்ல, இயக்குநர்களிடம் போக வேண்டிய திருத்தம். பழைய வரைவை ஆடிட்டர் ஏற்கெனவே வாங்கியிருந்தால், எண்களை எதிரெதிரே எழுதிய அந்தத் தாளையும் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர் குறித்து வைத்த 'பொருள் 6' இப்போது வேறொன்று.

மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிய பிறகு இந்தச் சுதந்திரம் இல்லை. எழுத்துப்பிழை போன்ற சிறு திருத்தம் தவிர வேறு எந்த மாற்றத்துக்கும் அடுத்த கூட்டத்தில் இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். கையெழுத்து அதிகாரத்தையே கடனுக்கு மாற்றிவிட்ட ஓர் எண்ணைச் சிறு திருத்தம் என்று சொல்ல முடியாது. பழைய கூட்டத்தின் தேதியையும் பொருள் எண்ணையும் சுட்டி, 6 என்பது 7 என்று இருந்திருக்க வேண்டும் என அடுத்த கூட்டத்தின் மினிட்ஸில் பதிய வேண்டும்.